குறித் தவறு என்று எழுதுவதற்கு முன்

மாணவர்களின் கணித ஏடுகளை ஆசிரியர்கள் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவார்கள். விடை எந்த வரியில் தடம் மாறியது, அதற்கு என்ன பெயர் என்று குறிப்பது என் ஆய்வின் அன்றாட வேலை. முதல் கேள்விக்கு விடை காண்பது எளிது. இரண்டாவதுதான் நம்மை ஏமாற்றும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பக்கத்தை வைத்து இதை விளக்குகிறேன்.

3 − 2(x − 4) = 5
3 − 2x − 8 = 5
−2x − 5 = 5
−2x = 10
x = −5

ஓரத்தில் சிவப்பு மையில் ஆசிரியர் 'குறித் தவறு' என்று எழுதியிருந்தார்.

தவறிய இடத்தைக் கண்டறிய நான் இரு முனைகளிலிருந்தும் நடப்பேன். சரியான தீர்வு x = 3. அதை மேலிருந்து ஒவ்வொரு வரியிலும் பிரதியிட்டால் முதல் வரி நிறைவடைகிறது. இரண்டாம் வரியில் இடப்பக்கம் −11 ஆகிவிடுகிறது. அடுத்து மாணவியின் விடையாகிய −5-ஐக் கீழிருந்து மேலாகப் பிரதியிட வேண்டும். இரண்டாம் வரி வரை எல்லாம் நிறைவடைகின்றன. முதல் வரியில் மட்டும் 5-க்குப் பதில் 21 வருகிறது. இரு நடைகளும் ஒரே இடைவெளியில் சந்திப்பதால், முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவே ஒரே ஒரு பிழை நேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். வெவ்வேறு இடங்களில் நின்றிருந்தால் பிழைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்று பொருள். மேலிருந்து வருவது முதற்பிழையையும், கீழிருந்து வருவது கடைசிப் பிழையையும் காட்டும். ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் இரு பிழைகள் மட்டும் இந்தச் சோதனையில் தப்பிவிடக்கூடும். ஆகவே வரிகளைக் கண்ணால் படிப்பதையும் விட்டுவிட முடியாது.

இனி, பெயர். +8 வர வேண்டிய இடத்தில் −8 வந்திருக்கிறது. இதற்கு இரண்டு காரணங்களேனும் இருக்கலாம். (−2) × (−4) = −8 என்று அவள் நம்பியிருக்கலாம்; அது குறிப்பெருக்கல் விதி பற்றிய பிழை. அல்லது கழித்தல் குறியை 3-க்கு அடுத்த செயலாக மட்டும் கொண்டு, 2(x − 4)-ஐத் தனியே 2x − 8 என்று சரியாகவே விரித்து, அதை அடைப்புக்குறியின்றி 3-க்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கலாம். இதில் பெருக்கல் விதி எங்கும் மீறப்படவில்லை. ஒரு முழுக்கோவையைக் கழிக்கிறோம் என்ற செய்திதான் அடைப்போடு சேர்ந்து உதிர்ந்துவிட்டது. இரண்டு மனங்களும் தாளில் எழுதும் வரி ஒன்றே.

ஆன் நியூமன் 1977-இல் முன்வைத்த பகுப்பாய்வு, பிழைகளை வாசித்தல், பொருள்கொள்ளல், கணித வடிவமாக்கல், செயல்முறை, விடையை எழுதுதல் என்ற ஐந்து நிலைகளில் வைக்கிறது. வாக்கியக் கணக்குகளுக்கு அது இன்றும் பயன்படுகிறது. ஆனால் இங்கே நாம் பிரித்தறிய வேண்டிய இரண்டும் 'செயல்முறை' என்ற ஒரே கூடையில் விழுந்துவிடுகின்றன.

படத்தில் இடப்பக்க ஓரம் பாதி வெட்டுப்பட்டிருந்தது. முழுப் பக்கத்தையும் மீண்டும் எடுத்து அனுப்பக் கேட்டேன். அந்த ஓரத்தில் பென்சிலால் 2x − 8 என்று எழுதிக் கட்டம் போட்டிருந்தாள். கணக்கின் விடை மட்டும் தெரியும்படி வெட்டிய படத்தில் முதலில் காணாமற்போவது இத்தகைய ஓரக்குறிப்புதான்.

ஓரக்குறிப்பு ஒரு சான்று; முடிவு அன்று. ஆகவே இரண்டு சிறு கணக்குகளைக் கொடுக்கச் சொன்னேன். ஒன்று, −2(x − 4)-ஐ மட்டும் விரிப்பது. மற்றொன்று, 10 − 3(x + 2)-ஐச் சுருக்குவது. குறிப்பெருக்கல் விதியில் தவறுபவர் முதலாவதில் −2x − 8 என்று சறுக்குவார். இரண்டாவதில் எதிர்க்குறி எண்கள் இரண்டு பெருக்கப்படாததால் அதைச் சரியாகச் செய்துவிடுவார். அடைப்பை உதிர்ப்பவரிடம் இது தலைகீழாக நடக்கும். மாணவி முதலாவதற்கு −2x + 8 என்று சரியாக எழுதினாள். இரண்டாவதற்கு 10 − 3x + 6 என்று எழுதினாள். அதே பிழை புதிய கணக்கிலும் திரும்பி வந்ததால் கவனக்குறைவு என்றும் ஒதுக்க இயலவில்லை.

பெயரைப் பொறுத்தே மருந்து. 'குறித் தவறு' என்ற குறிப்பின்படி அவளுக்கு எதிர்க்குறி எண்களின் பெருக்கலில் பயிற்சி தரப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். அடுத்த சமன்பாட்டில் மறுபடியும் தவறினாள். ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பத் திரும்பக் கற்கவைத்தால், கணக்கு தனக்கு வராது என்றுதான் ஒரு பிள்ளை முடிவுக்கு வரும். அவளுக்குத் தேவைப்பட்டது இடையில் ஒரே ஒரு வரி: 3 − (2x − 8) = 5. விரித்ததை முதலில் அடைப்புக்குள் எழுதிவிட்டு, அடுத்த வரியில் அடைப்பை நீக்குவது.

இப்போது என் குறிப்பேட்டில் அப்பக்கத்திற்கு நேராக 'கழிக்கும்போது அடைப்பு உதிர்தல்' என்று எழுதியிருக்கிறேன். பெயர் சற்று நீளம்தான். ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.