பங்குக்கும் காப்புறுதி உண்டு, கட்டணம் தெரியுமா?

2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கூரை வரை தண்ணீர் ஏறியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். மூழ்கிய கார்களின் உரிமையாளர்கள் பலர் முழுக் காப்புறுதி எடுத்தவர்கள்தான். ஆனால் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு வேண்டுமென்றால், அதற்கெனத் தனியாகக் கொஞ்சம் பணம் கட்டி முன்கூட்டியே சேர்த்திருக்க வேண்டும். சேர்த்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. சேர்க்காதவர்கள் சொந்தக் காசைச் செலவழித்தார்கள்.

பங்குச் சந்தையிலும் இப்படி ஒரு சேர்ப்பு இருக்கிறது. கையில் உள்ள பங்கை விற்காமல், அதன் விலை விழுந்தால் மட்டும் உதவும் 'புட் ஆப்ஷன்' ஒன்றைக் கூடவே வாங்கி வைப்பது. இது எப்போது பயன் தரும், எப்போது வீண் செலவு என்பதைப் பெரியப்பா மகள் ஒருவர் கேட்ட கேள்வியை வைத்தே சொல்கிறேன்.

அக்கா கிள்ளானில் இருக்கிறார். அவரிடம் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் 100 பங்குகள் இருந்தன. ஒரு பங்கு 100 டாலர். மொத்தம் 10,000 டாலர். அப்போதைய மதிப்பில் டாலருக்கு 4.20 வெள்ளி என்று வைத்தால் 42,000 வெள்ளி. பண்டார் புக்கிட் திங்கியில் பார்த்த வீட்டுக்கு டிசம்பர் கடைசியில் 35,000 வெள்ளி முன்பணம் கட்ட வேண்டும். கேட்டது செப்டம்பரில்.

என் காலை நிகழ்ச்சி முடிந்து பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அக்கா விஷயத்துக்கு வந்தார். “தம்பி, இப்பவே வித்துடலாம். ஆனா டிசம்பருக்குள்ள ஏறும்னு தோணுது. வித்த பிறகு ஏறினா மனசு கேக்காது. வச்சிருந்து விழுந்தா வீடு போயிடும். என்ன செய்றது?”

இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் இருப்பதுதான் புட் ஆப்ஷன். டிசம்பர் மூன்றாவது வெள்ளிக்கிழமை வரை, தன் 100 பங்குகளையும் தலா 90 டாலருக்கு விற்கும் உரிமையை அக்கா விலை கொடுத்து வாங்கலாம். உரிமைதான், கட்டாயம் இல்லை. சந்தையில் விலை 60க்குப் போனாலும், அந்த ஒப்பந்தத்தை விற்றவர் 90 டாலர் கொடுத்தே ஆக வேண்டும். அன்று அதன் விலை ஏறக்குறைய 1.80 டாலர். திரையில் 1.80 என்று காட்டுவது ஒரு பங்குக்கான கட்டணம். ஓர் ஒப்பந்தம் 100 பங்குகளுக்கு என்பதால் கட்ட வேண்டியது 180 டாலர். இந்தப் பணம் திரும்பி வராது.

இலையின் ஓரத்தில் வைத்த தாளில் மூன்று கணக்குப் போட்டோம்.

முதலாவது, பங்கு 130 டாலருக்கு ஏறுகிறது. வெறும் பங்கை வைத்திருந்தால் 13,000 டாலர். காப்புறுதியும் எடுத்திருந்தால் 12,820. கட்டணம் போக ஏற்றம் முழுவதும் அக்காவுக்கே.

இரண்டாவது, பங்கு 60க்கு விழுகிறது. வெறும் பங்கின் மதிப்பு 6,000 டாலர், வெள்ளியில் 25,200, வீடு கைநழுவும். காப்புறுதி இருந்தால் 90 வீதம் 9,000 டாலர், கட்டணம் போக 8,820. வெள்ளியில் சுமார் 37,000. பங்கு 60க்குப் போனாலும் 20க்குப் போனாலும் இந்தத் தொகை மாறாது.

மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பங்கு 95க்கு இறங்குகிறது. வெறும் பங்கு 9,500 டாலர். காப்புறுதி எடுத்தவருக்கு 9,320. பங்கிலும் நட்டம், கட்டணமும் போயிற்று, இழப்பீடும் இல்லை. விலை 88.20க்குக் கீழே போனால்தான், எடுக்காதவரைவிட எடுத்தவர் ஒரு காசாவது மேலே நிற்பார். 100க்கும் 90க்கும் இடையிலான பத்து டாலர், வாகனக் காப்புறுதியில் முதலில் நாமே ஏற்கும் தொகை போன்றது.

“அந்தப் பத்து டாலரையும் நாம ஏத்துக்காம இருக்க முடியாதா?” என்று கேட்டார் அக்கா. முடியும். 100 டாலருக்கே விற்கும் உரிமையை வாங்கலாம். ஆனால் அதற்குக் கட்டணம் சுமார் 5.50, அதாவது 550 டாலர். மூன்று மடங்கு. பங்கு 105.50ஐத் தாண்டினால்தான் அவர் லாபத்தையே பார்ப்பார். அக்காவுக்குத் தேவை 35,000 வெள்ளிதான். முழு 42,000 வெள்ளியும் இல்லை. அதனால் 90 போதும். எந்த விலையில் பாதுகாப்பு வேண்டும் என்பதை நம் தேவையை வைத்து முடிவு செய்ய வேண்டும். பயத்தை வைத்து முடிவு செய்தால் கட்டணம் எகிறும்.

வாங்கும் நேரமும் முக்கியம். வெள்ளம் வந்த பிறகு காருக்கு வெள்ளக் காப்புறுதி யாரும் தர மாட்டார்கள். பங்குச் சந்தையில் தருவார்கள். ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பங்கு எவ்வளவு ஆடும் என்று சந்தை எதிர்பார்க்கிறதோ, அதை வைத்தே இந்தக் கட்டணம் அமைகிறது. எதிர்பார்க்கும் ஆட்டம் இரட்டிப்பானால், அதே பங்குக்கு, அதே மூன்று மாதத்துக்கு, அதே 90 டாலர் உரிமையின் விலை 1.80லிருந்து 6.60க்குப் போய்விடும். ஆட்டம் இரண்டு மடங்கு, கட்டணம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. நிறுவனம் காலாண்டுக் கணக்கை வெளியிடுவதற்கு முந்தைய நாள்களிலும் கட்டணம் கூடுதலாக இருப்பது இதனால்தான்.

'இவ்வளவு நல்லதென்றால் எப்போதும் எடுத்து வைக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றலாம். மூன்று மாதத்துக்கு 1.80 என்றால் ஆண்டுக்கு 7 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 2024க்கு ஊழியர் சேமநிதி வாரியம் கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. நிம்மதியான ஒரு முதலீடு ஆண்டு முழுவதும் தருவதைவிட அதிகமாக இந்தக் காப்புறுதி தின்றுவிடும். 100 டாலர் உரிமையை ஆண்டுக்கு நான்கு முறை வாங்கினால் செலவு 22 விழுக்காடு. அதை ஈடுகட்டும் அளவுக்கு ஆண்டுதோறும் ஏறும் பங்கு எங்கே இருக்கிறது?

இன்னொரு குறையும் உண்டு. இது திடீர் வீழ்ச்சிக்கான மருந்து. மெல்லத் தேய்வதற்கு அல்ல. ஒரு பங்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து விழுக்காடு இறங்குகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் அன்றைய விலைக்குப் பத்து விழுக்காடு கீழே காப்புறுதி எடுக்கிறீர்கள். இரண்டு ஆண்டில் 100 டாலர் பங்கு 43 டாலராகிவிடும். எட்டு முறை கட்டணம் கட்டியும் ஒரு முறைகூட இழப்பீடு வந்திருக்காது.

உள்ளூர்ப் பங்கு வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. புர்சா மலேசியாவில் கோலாலம்பூர் கூட்டுக் குறியீட்டின் வாயிதா ஒப்பந்தத்தை அடிப்படையாகக் கொண்ட ஆப்ஷன் இருக்கிறது; குறியீட்டின் ஒரு புள்ளிக்கு 50 வெள்ளி. குறியீடு 1,600ல் இருந்தால் ஓர் ஒப்பந்தம் 80,000 வெள்ளிப் பங்குகளுக்குச் சமம். வணிகம் மிகக் குறைவு என்பதால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும்.

அதைவிட முக்கியம், குறியீட்டுக்கு எடுத்த காப்புறுதி உங்கள் பங்கைக் காக்கும் என்ற உறுதி இல்லை. கிள்ளான் மேருவில் தொழிற்சாலைகள் கொண்ட டாப் குளோவ் கையுறை நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் அதன் பங்கு 9 வெள்ளிக்கு மேல் போனது. 2022 கடைசியில் 1 வெள்ளிக்கும் கீழே நின்றது. அந்த இரண்டு சமயத்திலும் குறியீடு ஏறக்குறைய 1,500 புள்ளிகள்தான். குறியீட்டுக் காப்புறுதியைப் புதுப்பித்துக்கொண்டே வந்த கையுறைப் பங்குக்காரருக்கு, பங்கின் பெரும் வீழ்ச்சிக்கு அது ஈடு கொடுத்திருக்காது. பக்கத்து வீட்டுக் காருக்குக் காப்புறுதி எடுத்த கதைதான்.

அக்காவின் கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. காப்புறுதி டாலரில், முன்பணம் வெள்ளியில். 2024 ஜூலையில் டாலருக்கு 4.70 வெள்ளிக்கு மேல் இருந்தது, செப்டம்பர் முடிவில் 4.12 ஆனது. பங்கு அசையாமல் இருந்தாலே எட்டில் ஒரு பங்கு கரைந்திருக்கும். அக்காவின் 8,820 டாலர் 35,000 வெள்ளியாக இருக்க வேண்டுமென்றால் டாலர் 3.97 வெள்ளிக்குக் கீழே போகக்கூடாது. இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மாமாவின் சேமிப்பில் 3,000 வெள்ளியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் முடிவெடுத்தார்.

பாதியை இப்போதே விற்றுவிடுவது இன்னொரு வழி. கட்டணம் இல்லை. பங்கு 95க்கு வந்தால் அந்த வழியில் 9,750 டாலர், காப்புறுதியைவிட மேல். 60க்கு விழுந்தால் 8,000; வெள்ளியில் 33,600, முன்பணத்துக்குப் போதாது. 130க்கு ஏறினால் 11,500தான். குறிப்பிட்ட தேதி, குறைய முடியாத தொகை, ஏற்றத்தையும் விட மனமில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டுமே கட்டணம் கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கொஞ்சம் விற்றுவிடுவது எளிது.

அக்காவுக்கு மூன்றும் இருந்தன. 180 டாலர் கட்டினார். டிசம்பர் மூன்றாவது வெள்ளியன்று பங்கு 104ல் முடிந்தது. புட் ஆப்ஷன் மதிப்பில்லாமல் காலாவதியானது. மறு வாரம் பங்குகளை விற்று முன்பணம் கட்டினார்கள்.

“750 வெள்ளிக்கு மேல தண்டமாப் போச்சே” என்று மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்கா அவரிடம் கேட்டது ஒன்றுதான்: “நம்ம கார் இந்த வருசம் எங்கயும் இடிபடல. அந்தக் காப்புறுதிக் காசையும் திருப்பிக் கேப்பீங்களா?”