எரிந்து, எரித்து

பெண்கள் மீதான வன்முறைச் செய்திகளைத் தொகுக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் செய்தி வரியைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புவாள். என் மாணவி அதைத் தட்டச்சு செய்து தருவாள். நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பேன். ஒருநாள் மாணவி தந்த தாளில் இப்படி இருந்தது: “இளம்பெண் எரிந்து கொலை.”

எனக்கு அது இடறியது. எரிந்து சாகலாம். கொலை என்றால் எரித்திருக்க வேண்டும். படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

…புரம்: வரதட்சணை தகராறில் இளம்பெண் எரி[ ]துக் கொ…

திரையில் பட்ட ட்யூப்லைட் வெளிச்சம் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தது. மாணவி அங்கே ‘ந்’ போட்டிருந்தாள். “பொண்ணுன்னா எரிந்துன்னுதானே மேடம் கேட்டிருக்கோம்” என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ‘ஸ்டவ் வெடித்து’ என்று எழுதப்பட்ட சாவுகளைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். வரதட்சணைச் சாவு என்ற தனிக் குற்றம் 1986இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304பி பிரிவாகச் சேர்க்கப்பட்டபோது, அதன் வாசகத்தில் முதலில் வைக்கப்பட்டது தீக்காயம்தான்.

மறைந்த எழுத்தை அடுத்த எழுத்து காட்டிக்கொடுத்தது. ‘எரித்து’ வன்தொடர்க் குற்றியலுகரம். அதன் பின் வல்லினம் மிகும்: எரித்துக் கொன்றார். ‘எரிந்து’ மென்தொடர். அந்த வினையெச்சத்தின் பின் மிகாது: எரிந்து கிடந்தது. படத்தில் ‘து’வுக்குப் பின் ‘க்’ நின்றது. ஆகவே மறைந்தது ‘த்’. தானாகப் பற்றிய தீ அல்ல, பற்றவைத்த தீ. வகுப்பில் மாணவிகள் கொட்டாவி விடும் அதே வலிமிகும் இடம்தான்.

இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் செல்லும். ஓடும் செய்தியில் ஒற்றை விட்டுவிடுவது வழக்கம். இதே வரியில் ‘வரதட்சணைத் தகராறில்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘த்’ இல்லை. எனவே ‘க்’ இல்லாமலிருந்தால் எதையும் முடிவு செய்திருக்க முடியாது. ஒற்றைக் கவனிக்காத கை இங்கே போட்டிருக்கிறது என்றால், அது வாயில் வந்த ஒலியை அப்படியே எழுதியிருக்கிறது.

அடுத்த சிக்கல் வலது ஓரம். தமிழில் வினை கடைசியில் வரும். வரி வலமிருந்து இடமாக நகர்வதால், படமெடுக்கும் நொடியில் பெரும்பாலும் வினைதான் திரைக்கு வெளியே இருக்கும். இந்தக் ‘கொ’ கொலையாகலாம். கொல்ல முயற்சியாகலாம். கொண்டு தற்கொலை என்றும் ஆகலாம். ‘தன்னை’ என்ற சொல் இல்லை, ‘க்’குக்குப் பின் இடைவெளி இருக்கிறது என்பதால் மூன்றாவதற்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. இடது ஓரத்திலும் வெட்டு. விழுப்புரமா, காஞ்சிபுரமா, ராமநாதபுரமா?

தோழி அழைத்தாள். “அறிக்கை இன்னிக்கே போகணும்டி. கொன்னுட்டாங்கன்னு போட்டுடவா?”

ஆங்கிலத்தில் தப்பிக்க வழியும் இருந்தது. ‘பர்ன்ட்’ என்றால் எரிந்ததும் அதுவே, எரித்ததும் அதுவே. வாசிப்பவருக்கு உறுத்தாது. எங்கள் தாளில் இன்னொரு ஸ்டவ் வெடித்திருக்கும், அவ்வளவுதான். நான் ‘செட் ஆன் ஃபயர்’ என்று எழுதினேன். அதற்குப் பின்னும் ஊர்ப் பெயருக்கு முன்னும் சதுர அடைப்பு போட்டு, இங்கே வரி வெட்டுப்பட்டிருக்கிறது என்று குறித்தேன். யார் வைத்த தீ என்று எழுதவில்லை. படத்தில் அது இல்லை.

“அடுத்தடுத்து எடுத்த படம் வேற இருக்கா?” என்று கேட்டேன். தேடி அனுப்பினாள். சில நொடிகள் கழித்து எடுத்தது:

கொல்ல முயற்சி: கணவர், மாமியார் கை…

இரண்டு துண்டுகளை ஒட்டுவதற்கு முன் பொதுவான எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவே இன்னொரு செய்தி ஓடியிருந்தால், ஒருத்தியின் உடலில் இன்னொருத்தியின் முடிவை ஒட்டிவிடுவோம். இங்கே ‘கொ’ இரண்டிலும் இருந்தது. படங்களின் நேரமும் பொருந்தியது. ஒட்டினேன். ‘கை’க்குப் பின் ‘து’வை அடைப்புக்குள் போட்டேன்.

‘கொல்ல முயற்சி’ என்றால் அந்த வரி ஓடியபோது அவள் உயிரோடு இருந்திருக்கிறாள். மாணவியின் தாளில் செத்துப்போயிருந்தாள். அவசரப்பட்டிருந்தால் என் ஆங்கிலத்திலும் செத்திருப்பாள்.

“அப்புறம் அவளுக்கு என்னடி ஆச்சு?” என்றாள் தோழி.

ஊரின் முதல் பாதி இன்னும் கிடைக்கவில்லை. எந்த மருத்துவமனை என்று விசாரிக்க எங்களிடம் ‘புரம்’ மட்டும் இருக்கிறது.