பதினாறாம் நாள் ராத்திரி அனுப்பிய கவிதை



போன வாரம் நம் பழைய மாணவி ஒருத்தி ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு கவிதை அனுப்பினாள். "டீச்சர், இப்பத்தான் எழுதினேன். சூடா இருக்கும்போதே போட்டுடலாமா?" என்று கேட்டிருந்தாள். "போடாதே, காலையில் பேசுகிறேன்" என்று மட்டும் பதில் போட்டேன். காலையில் பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவளிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா 2018 நவம்பரில் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, டிசம்பர் 3 ராத்திரி, உட்கார்ந்து ஒரு கவிதை எழுதினேன். இருபத்திரண்டு வரி. எழுதி முடித்ததும் அழுகை வந்தது. அழுகை வந்ததால் கவிதை நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நோட்டிலிருந்து பார்த்து போனில் தட்டி, அதே ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். விடிவதற்குள் முப்பது கும்பிடு வந்திருந்தது.

என் தம்பியிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து போன் செய்தான். "அக்கா, நான் அந்த ராத்திரி பஸ்ஸில் இருந்ததை எழுதித்தான் ஆகணுமா?" என்று கேட்டான். வேறு எதுவும் சொல்லவில்லை.

கவிதையில் மூன்று வரி இப்படி இருந்தது:

பெற்ற மகன் ஒருவன்
பேருந்தில் இருந்தான்
பெற்றவள் கண் மூடும்போது

மோனை நன்றாக விழுந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு. நடந்ததைத்தானே எழுதினேன் என்று மனசுக்குள் வாதாடினேன். அவன் தகவல் தெரிந்த உடனே கோயம்புத்தூரில் பஸ் ஏறியவன். பஸ்ஸைத் தள்ளிக்கொண்டா வர முடியும்?

டிசம்பர் 8 அன்று அந்த மூன்று வரியை எடுத்துவிட்டு நோட்டின் அடுத்த பக்கத்தில் புதிதாக எழுதினேன். கவனியுங்கள், பழைய பக்கத்தில் அழிக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடக் குறிப்பு எழுதிப் பழகிய கை இது. மேலே தேதி போடாத பக்கத்தை எங்கள் விரிவுரையாளர் திருத்தவே மாட்டார். உங்கள் கட்டுரை நோட்டிலும் ரப்பர் போடாதே, ஒரே ஒரு கோடு போட்டு அடி, அடித்தது படிக்கிற மாதிரி இருக்கணும் என்று நான் படுத்தியது நினைவிருக்கும். அந்தப் பழக்கம்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

பொங்கல் கழிந்து இன்னொரு முறை திருத்தினேன். 2019 மார்ச் 2 அன்று நான்காவது முறை. இப்போது அது இருபத்து நான்கு வரி ஆகியிருந்தது. மங்கல விளக்கு வந்தது, மரணத்தின் வாசல் வந்தது, ஆயிரம் நிலவு வந்தது. படித்துப் பார்த்தால் யாருடைய அம்மாவுக்கும் பொருந்தும். என் அம்மா அதில் இல்லை. ஆனால் அது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரிந்தது. நோட்டை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். ஆடி மாதம் வரைக்கும் எடுக்கவில்லை.

இந்த ஐந்து மாதம் என்ன செய்தது என்று சொல்கிறேன். எழுதிய சூட்டில் படிக்கும்போது நாம் காகிதத்தைப் படிப்பதில்லை, மனசில் இருப்பதைப் படிக்கிறோம். காகிதத்தில் "விளக்கு" என்றுதான் இருக்கும். நமக்கு அம்மாவின் முகமே தெரியும். மற்றவர்களுக்கு விளக்கு மட்டும்தான் தெரியும். இடைவெளி விட்டால் மனசு நிரப்பிக் கொடுப்பது நின்றுவிடும். அப்போதுதான் காகிதத்தில் நிஜமாகவே என்ன இருக்கிறது என்பது நம் கண்ணுக்கும் படும்.

எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பதற்குக் கணக்குக் கிடையாது. ரோமாபுரிக் கவிஞர் ஹொரேஸ் ஒன்பதாம் ஆண்டு வரைக்கும் உள்ளேயே வை என்று சொல்லியிருக்கிறார். அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப், 1946இல் போன ஒரு பஸ் பயணத்தைப் பற்றிய கவிதையை 1972இல்தான் முடித்தார். அவரே 'ஒன் ஆர்ட்' என்ற கவிதையைச் சில மாதங்களில் எழுதி முடித்தார், ஆனால் பதினைந்துக்கும் மேற்பட்ட வரைவுகள். முதல் வரைவு, தொலைத்த பொருள்களைப் பட்டியல் போட்ட குறிப்பு மாதிரி இருக்கிறது. அந்தத் தாள்கள் எல்லாம் வாசர் கல்லூரி நூலகத்தில் பத்திரமாக இருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. என் அளவுகோல் சின்னது. பார்க்காமல் சொல்லச் சொன்னால் வரி வரியாக ஒப்பிக்க முடிகிறதா? அப்படியானால் இன்னும் ஆறவில்லை, திரும்ப உள்ளே வை.

2019 ஆகஸ்ட் 11 அன்று நோட்டை வெளியே எடுத்தேன். திறக்கவில்லை. முதலில் ஒரு வெற்றுத் தாளில், அந்தக் கவிதையில் எனக்கு நினைவிருப்பதை எழுதினேன். விளக்கு வரவில்லை, நிலவு வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் அம்மா, "கொல்லைக் கதவைச் சாத்தினாயா" என்று கேட்டது. நான் சாத்திவிட்டேன் என்றது.

பிறகு நோட்டைத் திறந்தேன். மார்ச் பக்கத்தில் அந்தக் கதவே இல்லை. அதைத்தான் "மரணத்தின் வாசல்" என்று அழகாக மாற்றி வைத்திருக்கிறேன்! டிசம்பர் 3ஆம் தேதிப் பக்கத்துக்குப் போனேன். பதின்மூன்றாம் வரியிலிருந்து மூன்று வரி அப்படியே இருந்தது. "விடிந்து வீடு திரும்பியபோது திறந்தே கிடந்தது" என்ற வரி எனக்கு நினைவில் வரவே இல்லை. அது இல்லாவிட்டால் கவிதையே இல்லை. ஆகவே மறந்துபோன வரியெல்லாம் வேண்டாத வரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நினைவும் வேண்டும், பழைய பக்கமும் வேண்டும். போனில் ஒரே பக்கத்தில் திருத்தித் திருத்தி எழுதியிருந்தால் அந்த வரி என்றைக்கோ போயிருக்கும்.

அன்றைக்கு இன்னொன்றும் தெரிந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொன்னவள் நான். அவசரத்தில் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடிவந்தவள் நான். அந்த மூன்று வரிக்குக் கீழேயே, பஸ்ஸில் வந்துகொண்டிருந்த தம்பியைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன். எழுதிய ராத்திரி இது என் கண்ணில் படவே இல்லை. எட்டு மாதம் கழித்து வேறு யாரோ எழுதியதைப் போலப் படித்தபோதுதான் பட்டது.

ஆகஸ்ட் 11ஆம் தேதி வடிவம் ஆறு வரி. கடைசி வரி, "அந்த வழியாகத்தான் போயிருக்கிறாள்." ஆகஸ்ட் 25 அன்று அதை எடுத்தேன். செப்டம்பர் 15 அன்று "அவளுக்குத் தெரிந்திருக்கும்" என்று வேறு வரி சேர்த்தேன். அக்டோபர் 6 அன்று அதை அடித்துவிட்டுப் புதிதாக ஒரு வரி பிடித்தேன், மனசுக்கு நிறைவாக இருந்தது. முந்தைய பக்கங்களைப் புரட்டினால், ஆகஸ்டில் அடித்த அதே வரி, ஒரு எழுத்து மாறாமல்! செக்கைச் சுற்றுகிற மாடு மாதிரி கிளம்பிய இடத்துக்கே வந்திருக்கிறேன்.

கவிதை முடிந்துவிட்டது என்பதற்கு எனக்குத் தெரிந்த நம்பகமான அடையாளம் இதுதான். திருத்தம் வட்டம் அடிக்க ஆரம்பித்தால், புதிதாகச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை என்று பொருள். தேதி போட்ட பக்கங்கள் இல்லாவிட்டால் வட்டம் அடிப்பதே தெரியாது, முன்னேறுவதாகத்தான் தோன்றும். அப்போது ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன்: இந்த வரியை ஏன் திரும்பத் திரும்பச் சேர்க்கிறேன்? படிக்கிறவர்களுக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம். கவிதை அந்த வரியைக் கேட்கவில்லை, என் பயம்தான் கேட்டது. எடுத்துவிட்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், முடிந்துவிட்டது என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. முடிந்தும் தேறாத கவிதைகள் என் நோட்டில் நிறைய உண்டு. அவற்றுக்கும் தேதி இருக்கிறது, அவ்வளவுதான்.

நோட்டு வைக்காத பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. போனிலோ கணினியிலோ எழுதினால், ஒவ்வொரு முறை திருத்தும்போதும் நகல் எடுத்து, பெயரில் வருஷத்தை முதலில் போடுங்கள், `kathavu-2019-03-02` என்பது மாதிரி. நாளை முதலில் போட்டேன் என்றால் `02-03-2019` மேலேயும், அதற்கு முந்தைய `03-12-2018` கீழேயும் போய் நிற்கும். வருஷம், மாதம், நாள் என்று போட்டால் தானாகவே வரிசையில் நிற்கும். என் பேத்தி சொல்லிக்கொடுத்தது.

நவம்பரில் அம்மாவின் முதல் வருஷத் திதி. சாப்பாடு முடிந்து தம்பி திண்ணையில் உட்கார்ந்திருந்தான். தாளைக் கொடுத்து, "சத்தமாகப் படி" என்றேன். எழுதியவர் படித்தால் தடுக்குகிற இடமெல்லாம் குரலில் மறைந்துவிடும். அடுத்தவர் வாயில்தான் தெரியும். தாளில் "சாத்தினாயா" என்று இருந்தது. அவன் "சாத்தினியாடி" என்று படித்தான். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அவனுக்கு அம்மாவின் குரல்தான் வந்திருக்கிறது. அங்கேயே பேனாவை வாங்கித் திருத்தினேன். அதற்கு ஏற்றாற்போல் அடுத்த வரியில் "சாத்திவிட்டேன்" என்பதும் "சாத்திட்டேன்" ஆனது.

கொல்லைக் கதவைச்
சாத்தினியாடி என்றாள்.
சாத்திட்டேன் என்றேன்.
விடிந்து வீடு திரும்பியபோது
திறந்தே கிடந்தது.

அதற்குப் பிறகு தொடவில்லை.

தம்பி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "நீ சாத்தலையா அக்கா?" என்று கேட்டான். "சாத்தலைடா" என்றேன்.

"அந்தத் தாழ்ப்பாள் எனக்கும் ஒரு நாளும் ஒழுங்கா விழுந்ததில்லை" என்றான்.

மாணவிக்கு: உன் கவிதையை நோட்டில் எழுதி, தேதி போட்டு, உள்ளே வை. தை பிறந்ததும் எடு. எடுத்ததும் எனக்குச் சொல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்