‘மதச்சார்பு தெரிகிறது’ என்று குறிப்பு வந்தால்

புனித தோமா பற்றி நண்பர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, கிறிஸ்தவச் சார்பு தெரிகிறது என்ற மதிப்பாய்வாளர் குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. மனம் நொந்துபோய், தான் நடுநிலையாளர் என்று நிரூபிக்கப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறார். அனுப்ப வேண்டாம் என்றேன். எழுதியவர் மனத்தை யாரும் சோதிக்க முடியாது, வாக்கியத்தைச் சோதிக்கலாம்.

‘கி.பி. 72-இல் தோமா மயிலாப்பூரில் கொல்லப்பட்டார்’ என்கிறது கட்டுரை. இதற்குச் சாட்சி யார், எந்தக் காலத்தவர்? 3-ஆம் நூற்றாண்டுச் சிரியாக் நூலான ‘தோமாவின் பணிகள்’ அவர் இந்தியாவில் இறந்ததாகச் சொல்கிறது, ஆனால் மயிலாப்பூரைச் சொல்லவில்லை. அதில் வரும் கொண்டபோரஸ் மன்னனுக்கு நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. மன்னன் வாழ்ந்தான் என்பதற்கு அது சான்று, தோமா அவனைச் சந்தித்தார் என்பதற்கு அல்ல. தோமாவின் கல்லறை மயிலாப்பூர் இருக்கும் இந்தக் கடற்கரையில் இருப்பதாக மார்கோ போலோ எழுதியது 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில்.

இந்த வரிசையையே கட்டுரையில் வைத்துவிட்டு, 72 என்ற ஆண்டைத் திருச்சபை மரபின் கூற்றாக எழுதினால் போதும். வரிக்கு வரி ‘நம்பப்படுகிறது’ என்று தூவுவதால் பயனில்லை. எந்த வரிக்கு எவ்வளவு ஆதாரம் என்பதையே அது மறைத்துவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கவும் கூடாது. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அங்கே அப்போதே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பது நம்பிக்கையல்ல, ஆவணம். கட்டுரையில் இதைச் சொல்லும் பத்தியையும் மதிப்பாய்வாளர் வெட்டச் சொன்னால், செப்பேட்டைக் காட்டி உறுதியாக மறுத்து எழுதுங்கள்.