வெளியே வராத காற்று

ஸ்பைரோமெட்ரியில் ஒருவர் ஊதும் காற்று குறைந்திருந்தால், 'நுரையீரல் சுருங்கிவிட்டது' என்று எழுதக் கை முந்துகிறது. ஆனால் ஊதிய பிறகும் உள்ளே தங்கும் காற்றை அந்தக் கருவி காணாது. குடத்திலிருந்து ஊற்றிய நீரை மட்டும் அளந்தால் குடத்தின் கொள்ளளவு தெரியாது.

நூற்பாலையில் வேலை பார்த்த 58 வயதுக்காரர் ஒருவரை அப்படித்தான் எங்களிடம் அனுப்பினார்கள். அவர் உயரத்துக்கும் வயதுக்கும் 3.4 லிட்டர் ஊத வேண்டும்; ஊதியது 2 லிட்டர். அதில் 1.5 லிட்டர் முதல் நொடியிலேயே வந்துவிட்டது. விகிதம் 75 சதவீதம் என்பதால் மூச்சுக்குழாய் அடைப்பும் தெரியவில்லை.

பாடி பிளெதிஸ்மோகிராபிக்காக அவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்தோம். கதவை மூடியதும் உடல் சூட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அது நிலைப்படும் வரை காத்திருந்தோம். மூக்கில் கிளிப், கன்னங்களில் அவருடைய உள்ளங்கைகள். சாதாரணமாக மூச்சு விட்டு முடிக்கும் கணத்தில் வாய்க்குழாயின் ஷட்டர் இரண்டு மூன்று நொடிகள் மூடும். மூடிய குழாயில் அவர் மெல்ல மூச்சு வாங்க முயலும்போது நெஞ்சு விரிந்து, உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் குறையும். பெட்டிக்குள் அழுத்தம் கூடும். இவ்விரண்டையும் ஒப்பிட்டால் பாயில் விதிப்படி நெஞ்சுக்குள் உள்ள காற்றின் அளவு கிடைக்கும். சிக்கிக்கொண்ட காற்றும் இந்த அழுத்த மாற்றத்துக்கு உட்படுவதால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும்.

முதல் முயற்சியில் 4.6 லிட்டர் வந்தது. அதை நான் ஏற்கவில்லை. அவர் வேகமாக மூச்சிரைத்தார். குறுகிய குழாய்கள் உள்ளவர் வேகமாக மூச்சிரைத்தால், நுரையீரலின் அழுத்த மாற்றம் வாய்க்கு முழுதாக வந்து சேராது. வாயழுத்தம் குறைவாகப் பதிவானால் கொள்ளளவு பொய்யாகப் பெருகும். சிக்கிய காற்றைக் கண்டுபிடிக்கும் சோதனையே இல்லாத காற்றைக் காட்டும் இடம் இது. "ஐயா, நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், மெதுவாக" என்று சொல்லிக்கொண்டே எடுத்தோம். 4.0, 4.1, 3.9 என்று மூன்றும் நெருங்கி வந்தன.

சராசரி 4 லிட்டர். அதற்கு மேல் அவர் இழுத்தது 1.3, ஆக முழுக் கொள்ளளவு 5.3. எதிர்பார்ப்பு 5.4. அந்த நான்கிலிருந்து அவரால் மேலும் ஊத முடிந்தது 0.7 மட்டுமே, எஞ்சியது 3.3. இருக்க வேண்டியதோ 2 லிட்டர். நுரையீரல் சுருங்கவே இல்லை. சிறிய குழாய்கள் மூடிக்கொண்டு காற்றைப் பிடித்துவைத்திருந்தன. உண்மையான சுருக்கம் என்றால் முழுக் கொள்ளளவே இயல்பின் கீழ் எல்லைக்குக் கீழே இறங்கியிருக்கும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. தழும்பும் எம்ஃபிசீமாவும் சேர்ந்த நுரையீரலில், ஒன்று குறைப்பதை மற்றொன்று கூட்டிவிட, கொள்ளளவு இயல்பாகத் தெரியலாம். அதனால் இவருக்கும் வாயுப் பரிமாற்றச் சோதனையைப் பார்த்த பிறகே அறிக்கையில் கையெழுத்திட்டேன்.