நிலாவிடம் வைக்கும் வழக்கு

தஞ்சாவூரில் மெல்லிசை கற்றுக்கொடுக்கும் எனக்கு, 1955இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’வின் வெண்ணிலாப் பாட்டைப் போல ஒரு பாடம் கிடைத்ததில்லை. எழுதியவர் எங்கள் ஊர் தஞ்சை ராமையாதாஸ். இசை எஸ். ராஜேஸ்வர ராவ், பாடியவர்கள் ஏ.எம். ராஜா, பி. லீலா. புதிதாக வருகிறவர்கள் அதைக் காதல் டூயட் என்று எண்ணிக் குழைந்து பாடுவார்கள். பாட்டு கெடுவது அங்கேதான்.

அந்தப் பாட்டில் நிலாவின் அழகைப் பற்றிப் பேச்சே இல்லை. குளிர்ச்சி இல்லை, பாலொளி இல்லை. வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கிற இருவர், நிலாவைக் கூப்பிட்டு அதன் முன் வழக்கு வைக்கிறார்கள். அவன் அவளுடைய அகம்பாவத்தைச் சொல்கிறான். அவள், அவன் காட்டும் நேசமே வேஷம் என்கிறாள். பக்கத்தில் நிற்பவரிடம் நேரே சொல்ல முடியாததை, அவர் காதில் விழும்படி நிலாவிடம் சொல்கிறார்கள். தெலுங்கிலும் கூடவே எடுத்த படம்; நிலா அங்கேயும் உண்டு. ஆனால் தமிழில் அது வந்து உட்கார ஓர் இடம் முன்பே இருந்தது.

வயலும் வயல் சார்ந்த இடமுமான மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். எருமை கட்டறுத்துப்போய்த் தாமரையை மேய்ந்தது என்று சங்கத்துத் தோழி சொன்னால், உள்ளே இருப்பது தலைவன் பரத்தையிடம் போன கதை. இந்த உள்ளுறை திறக்க அவகாசம் வேண்டும். தியேட்டரில் ஒருமுறை காதைத் தொட்டுப் போகும் பாட்டுக்கு அது கிடையாது. ஆகவே சினிமாக் கவிஞர்கள் இயற்கையை ஒளிக்காமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அப்படிக் கூப்பிடுவதும் காவிரிக்குப் பழக்கம்தான். சிலப்பதிகாரக் கானல்வரியில், புகார்க் கடற்கரையில் கோவலன் யாழெடுத்துக் காவிரியை நோக்கிப் பாடுகிறான்: சோழன் கங்கையைக் கூடினாலும் நீ ஊடவில்லையே என்று. பாட்டு ஆற்றுக்கு, கேட்பவள் மாதவி. அவன் மனம் வேறொருத்தியிடம் இருப்பதாக எண்ணி, அவளும் வேறொருவனை நினைப்பவள் போல் பாடுகிறாள். கோவலன் எழுந்து போய்விடுகிறான். புகாரில் பிரிவில் முடிந்த அதே உத்தி, ‘மிஸ்ஸியம்மா’வில் இருவரையும் நெருங்க வைக்கிறது. ஊடல் எந்தப் பக்கமும் சாயலாம் என்பதால்தான் எனக்கு இந்தப் பாட்டின் மேல் இத்தனை பிரியம்.

பிரிவுப் பாட்டில் வரும் நிலா வேறு. அங்கே ஒட்டுக்கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. நிலா சாட்சியாக இருப்பதை விட்டுத் தூது போகவேண்டும். தொலைவில் இருப்பவர்மேலும் அது காய்கிறது என்பதே அதற்கு அங்குள்ள தகுதி. அதனால் எந்த நிலாப் பாட்டை எடுத்தாலும், ‘இதை யார் கேட்கிறார்கள்?’ என்று முதலில் கேட்பேன். நிலாவை எடுத்துவிட்டுப் பூவை வைத்தாலும் பாட்டு மாறவில்லை என்றால், அது வெறும் அலங்காரம். ‘மிஸ்ஸியம்மா’வைப் பாடும் இருவரிடம் ஒருவரையொருவர் பார்க்கவேண்டாம் என்பேன். பார்த்துவிட்டால் குரலில் இருக்கும் குறை கரைந்து, கொஞ்சல் வந்துவிடுகிறது.