இன்னொரு செருப்பு

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஒரு வாக்கியம் இருந்தது: "துகிலுரிதல் இரவில் கட்டியக்காரனுக்கு நகைச்சுவைப் பணி ஏதுமில்லை." ஓர் இரவு முழுவதும் கண்விழித்து, ஒலிப்பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து, அதன்பின் எழுதிய வாக்கியம் அது. அதனை நீக்க நேர்ந்த கதையை இங்கே பதிந்து வைக்கிறேன். பல இரவுகளாக நீளும் ஒரு கதையில் நகைச்சுவையை எப்படி விதைக்கிறார்கள், அதை ஆய்வாளன் எப்படித் தவறவிடுகிறான் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

திருமலையின் அடிவாரத்திலிருந்து சித்தூர் வரை, தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழா இன்றும் பாரதத் திருவிழாவாகவே நடக்கிறது. பகலில் பாரதக் கதை படிக்கப்படும்; இரவில் கூத்து. கதைப் படிப்பு பதினெட்டு நாளும் அதற்கு மேலும் போகும். கூத்து பெரும்பாலும் கடைசிப் பத்து இரவுகளை ஒட்டி அமையும். பகாசுரன் வதம், திரௌபதி கல்யாணம், இராஜசூயம், சூது துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, விராட பருவம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஊருக்கு ஊர் சிறு மாற்றங்களுடன் வரிசை நகரும். தொலைக்காட்சித் தொடர் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே இங்கே தொடர் இருந்தது. பார்வையாளரும் அவர்களேதான், நேற்று விரித்த இடத்திலேயே இன்றும் பாயை விரிப்பார்கள்.

இத்தனை இரவிலும் மாறாமல் வருபவன் கட்டியக்காரன் ஒருவனே. இன்று துரியோதனன் வாசலில் நிற்பான். நாளை விராடன் வாசலில் நிற்பான். இராசாக்கள் மாறுவார்கள், காவல்காரன் மாறமாட்டான். ஆகவே நேற்றைய நினைவை இன்றைக்குக் கொண்டுவரும் உரிமை அவனுக்கு மட்டும் உண்டு. அச்சிட்ட கூத்து நூல்களில் அவன் பேச்சு மிகச் சிறிது. பாட்டும் விருத்தமும் இருக்கும், அவன் பேசும் உரைநடை பெரும்பாலும் இராது. அது மேடையில் பிறந்து மேடையிலேயே போய்விடும் என்று நானும் கருதியிருந்தேன்.

நான் போனது நான்காம் இரவு. துகிலுரிதல்தான் திரௌபதி வழிபாட்டின் உயிர்நாடி என்பதால், அந்த ஓர் இரவைப் பதிவு செய்தால் போதும் என்று திட்டமிட்டிருந்தேன். சூதில் எல்லாம் தோற்றாயிற்று. துரியோதனன் கட்டியக்காரனைத் திரௌபதியிடம் அனுப்புகிறான். அவன் போய்த் திரும்பி வருகிறான். "அவள் என்ன சொன்னாள்? செப்பு!" என்று துரியோதனன் அதட்டுகிறான். கட்டியக்காரன் சற்று நேரம் அசையாமல் நின்றான். இடக்கை இடுப்புக்குப் போயிற்று; எதுவும் எடுக்காமல் திரும்பிவிட்டது. பிறகு திரௌபதியின் கேள்வியை, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்: தன்னைத் தோற்றபின் என்னைப் பணயம் வைத்தாரா, அதற்கு முன்பா? மத்தளம் நின்றிருந்தது.

அந்த இடத்தில் என் ஒலிப்பதிவில் விசித்திரமான ஓர் ஓசை இருக்கிறது. "செப்பு" என்றவுடன் பலர் சிரிக்கத் தொடங்குகிறார்கள். ஒரு நொடியில் அச்சிரிப்பு அறுந்துவிடுகிறது. நான் அதை "பார்வையாளர் சலசலப்பு" என்று குறித்துவைத்தேன்.

விடிந்தபின் என் அருகில் உட்கார்ந்திருந்த மூதாட்டியிடம், அந்தக் காட்சியில் ஏன் சிலர் சிரித்தார்கள் என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "என்னாப்பா, நீ மொத ராத்திரி வரலியா? அப்போ உனுக்கு எப்புடித் தெரியும்?" என்றார். பிறகு, முதல் மூன்று இரவுகளில் நடந்ததை விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

முதல் இரவு, பகாசுரன் வதம். இராசா "சேதியைச் செப்பு" என்கிறார். செந்தமிழில் செப்பு என்றால் சொல் என்று பொருள். தெலுங்கிலும் அதே பொருள்தான். ஆனால் தெலுங்கில் அதற்குச் செருப்பு என்றும் பொருள் உண்டு. கட்டியக்காரன் விழுந்தடித்து ஓடி ஒரு செருப்பைக் கொண்டுவந்து நீட்டுகிறான். ஊரே சிரிக்கிறது. இத்தோடு முடிந்தாலும் அது நிறைவான வேடிக்கைதான்.

இரண்டாம் இரவு, திரௌபதி கல்யாணம். மறுபடி "செப்பு", மறுபடி செருப்பு. ஆனால் இம்முறை இராசா, "ஒன்றுதானே இருக்கிறது, மற்றது எங்கே?" என்று கேட்டுவிடுகிறார். ஜோடி சேராத செருப்பை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் வரலாமா என்று கட்டியக்காரன் தன்னையே கடிந்துகொண்டு, மத்தளக்காரர் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு அடியில் தேடுகிறான். மூன்றாம் இரவு, தருமர் சபைக்கு வந்த திறைப் பொருள்களுக்குள் தேடுகிறான்.

நான்காம் இரவு கேள்வி வருகிறது, செருப்பு வரவில்லை. கூட்டம் சிரிக்க வாயெடுத்தது. கை வெறுமையாகத் திரும்பியதும் வாய் மூடிக்கொண்டது. மூன்று இரவுகளாகச் சிரிப்புக்குப் பழக்கிவைத்த அதே இடத்தில்தான் திரௌபதியின் கேள்வி வைக்கப்பட்டது. வேறெங்கு வைத்திருந்தாலும் அது வசனமாகப் போயிருக்கும். நகைச்சுவை இல்லை என்று நான் எழுதிய இடத்தில், மூன்று இரவுகளின் நகைச்சுவை முழுவதும் வேலை செய்துகொண்டிருந்தது.

அன்று மாலை கூத்து வாத்தியாரைப் பார்க்கப் போனேன். அரிதாரம் குழைத்துக்கொண்டே பேசினார். இது தற்செயலா என்று கேட்டதற்கு, "தற்செயலா வந்தது மொத வருசம். அதுக்கப்புறம் வெச்சு ஆடறோம்" என்றார். எழுதி வைப்பதில்லை, ஆனால் எந்த இரவு எது என்பது கட்டியக்காரனுக்கும் இராச வேடக்காரர்களுக்கும் முன்கூட்டியே தெரியும். அவர் சொன்ன முறைமையை என் சொற்களில் தருகிறேன்.

முதலாவது, ஓர் இரவுக்கு ஒரு தடவைதான். எங்கே எடுபட்டது என்று கண்டு, அதே இரவில் திரும்பச் செய்தால் மறுநாள் அது செத்துவிடும். இரண்டாவது, இடம் மாறக்கூடாது. திரை விலகி, இராசா அமர்ந்து, முதல் கேள்வி கேட்கும் நேரம்தான் அதன் இடம். தாமதமாக வருபவர்களும் உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகளும் உறங்கியிருக்க மாட்டார்கள். இடம் நிலையாக இருந்தால்தான் கூட்டம் காத்திருக்கும். காத்திருந்தால்தான் ஏமாற்றவும் முடியும். மூன்றாவது, அன்றிரவு மட்டும் வந்தவனுக்கும் அது தனியாகச் சிரிப்பு மூட்டவேண்டும். "நேத்து வந்தவனுக்கு மட்டும் புரிஞ்சா, இன்னிக்கு வந்தவன் எழுந்து போயிடுவான்" என்றார்.

இந்த மூன்றாவது விதியைக் கேட்டபோது எனக்குக் கிரேசி மோகன் நினைவுக்கு வந்தார். தன்னை மேடையேற ஊக்கிய ஆசிரியை ஜானகியின் பெயரைத் தன் நாயகியருக்குத் தொடர்ந்து சூட்டியவர் அவர். அவ்வை சண்முகியில் (1996) ஜானகி, காதலா காதலாவில் (1998) ஜானகி, பம்மல் கே. சம்பந்தத்தில் (2002) ஜானகி, வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.ஸில் (2004) ஜானகி. பஞ்சதந்திரத்தில் (2002) மட்டும் பெயர் மாறியதாகத் தோன்றும். ஆனால் அங்கே நாயகி மைதிலி. சீதைக்கு அதுவும் பெயர்தானே! ஒரு படத்தை மட்டும் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் இல்லை. ஐந்தையும் பார்ப்பவருக்கு ஒரு புன்னகை மிச்சம்.

மீதி இரவுகளுக்கு நான் ஊர் திரும்பவில்லை. விராட பருவத்தில் "செப்பு" என்ற சொல்லே வரவில்லை. ஆனால் கட்டியக்காரன் இடுப்பில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. பாண்டவர்கள் மறைந்து வாழும் காலமல்லவா, செருப்பும் மறைந்து வாழ்கிறது! மூதாட்டி முழங்கையால் என்னை இடித்தார். சிரித்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள்; அவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

கிருஷ்ணன் தூது. ஐந்து ஊரும் இல்லை, ஐந்து வீடும் இல்லை, ஊசி முனை நிலமும் இல்லை என்றாயிற்று. கிருஷ்ணன் சபையை விட்டு வெளியேறுகிறார். விடியலுக்குச் சிறிது நேரமே இருக்கிறது. வாசலில் நிற்கும் கட்டியக்காரனிடம் அவரே திரும்பி, "உன் குறை என்ன? செப்பு" என்றார். இத்தனை இரவும் இராசாக்கள் கேட்ட கேள்வி முதன்முறையாகக் கிருஷ்ணன் வாயிலிருந்து வந்தது. கட்டியக்காரன் இடுப்புத் துணியை அவிழ்த்தான். "ஒன்னு இங்க இருக்குது, சாமி. இன்னொன்னு உன்கிட்டதானே அலிபிரியில இருக்குது!" என்று சொல்லி, அந்தச் செருப்பைத் தலைமேல் வைத்துக்கொண்டான்.

இந்தப் பகுதியைச் சேராதவர்களுக்காக ஒரு விளக்கம். மலையப்பன் இரவில் கீழே நடந்து வந்து போவதால் அவர் செருப்பு தேய்கிறது என்பது இங்குள்ள நம்பிக்கை. வெவ்வேறு ஊரில் உள்ள இருவர், ஒருவர் ஒரு காலுக்கும் மற்றவர் மறு காலுக்குமாகச் செருப்புத் தைத்துக் கொண்டுவருவார்கள், இரண்டும் அளவு பிசகாமல் ஜோடி சேரும் என்று சொல்வார்கள். அலிபிரியில் பாத மண்டபத்தில் அடியார்கள் பாதுகைகளைத் தலைமேல் ஏந்தி வலம் வருவதை இன்றும் காணலாம். கட்டியக்காரன் செய்ததும் அதுவே. கூட்டம் "கோவிந்தா" என்று முழங்கியது. அது திருமலைக்குரிய முழக்கம். திரௌபதி தீமிதிக்கும் உரிய முழக்கம். வேடிக்கை எங்கே முடிந்தது, வழிபாடு எங்கே தொடங்கியது என்று என்னால் கோடு கிழிக்க இயலவில்லை.

இதே குழு பாலாற்றுக்குத் தெற்கே, தெலுங்கு புழங்காத ஊர்களில் ஆடும்போது செருப்பைக் கொண்டுபோவதில்லை. அங்கே வேறொன்று வைத்திருப்பதாக வாத்தியார் சொன்னார். என்னவென்று கேட்டேன். "மொத ராத்திரியே வா" என்றார்.

ஆய்வேட்டில் அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டேன். "பார்வையாளர் சலசலப்பு" என்ற குறிப்பையும் திருத்தினேன்: "அறுபட்ட சிரிப்பு, முதல் மூன்று இரவுகளைக் காண்க." காண்பதற்கு அந்த மூன்று இரவுகளின் பதிவு என்னிடம் இல்லை. அந்த மூதாட்டியிடம் இருக்கிறது.